படுக்கையில் இருப்பவரின் எடையை மூன்று அளவுகளால் மதிப்பிடுதல்: முழுமையான வழிகாட்டி

பக்கவாதம் வந்தோ இடுப்பெலும்பு முறிந்தோ படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவருக்கு மருந்து எழுதும்போதும், மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கத் தொடங்கும்போதும் மருத்துவர் முதலில் கேட்பது எடையைத்தான். வீட்டில் இருப்பவர்களோ, நோயாளி நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் எப்போதோ பார்த்த எடையைச் சொல்வார்கள். அந்த எண் பெரும்பாலும் இன்றைய உண்மை எடையைவிட மிகுதியாகவே இருக்கும். கட்டிலோடு சேர்த்து எடை பார்க்கும் கருவி பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே கிடைக்கும். தோட்டத்து வீட்டில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு நம்மால் எடுக்க முடிந்தவை மேற்கைச் சுற்றளவு, கெண்டைக்கால் சுற்றளவு, முழங்கால் உயரம் ஆகிய மூன்று அளவுகளே. இவற்றை எப்படி எடுப்பது, எடுத்த அளவுகளை எப்படிக் கணக்கிடுவது, வந்த விடையை எவ்வளவு நம்புவது என்பதை அறுபது வயதைக் கடந்தவர்களை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

கணக்கிடும் முறை

அமெரிக்காவில் கேமரன் சம்லியாவும் அவருடைய குழுவினரும் 1980களில், நடக்க இயலாத முதியவர்களின் உயரத்தையும் எடையையும் உடல் அளவுகளிலிருந்து கணிக்கும் சமன்பாடுகளை உருவாக்கினார்கள். இன்றுவரை மருத்துவமனைக் கையேடுகளில் பெரும்பாலும் வழங்குபவை அவையே. அவற்றில் இரண்டு வகை நமக்குப் பயன்படும். ஒன்று முழங்கால் உயரத்தையும் மேற்கைச் சுற்றளவையும் கொள்வது. மற்றொன்று மேற்கைச் சுற்றளவையும் கெண்டைக்கால் சுற்றளவையும் கொள்வது. எல்லா அளவுகளும் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். விடை கிலோவில் வரும்.

```
முதல் கணக்கு (60–80 வயது)
பெண்: எடை = (1.09 × முழங்கால் உயரம்) + (2.68 × மேற்கை) − 65.51
ஆண்: எடை = (1.10 × முழங்கால் உயரம்) + (3.07 × மேற்கை) − 75.81

இரண்டாம் கணக்கு
பெண்: எடை = (1.63 × மேற்கை) + (1.43 × கெண்டைக்கால்) − 37.46
ஆண்: எடை = (2.31 × மேற்கை) + (1.50 × கெண்டைக்கால்) − 50.10
```

முதல் கணக்கை அமெரிக்க வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனியாக அமைத்திருக்கிறார்கள். மேலே இருப்பது வெள்ளையருக்கானது. இரண்டுமே நம் மக்களின் உடல்வாகை அளந்து செய்தவை அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இவற்றைப் பயன்படுத்த வேண்டும். அவர்களுக்கே கூட முதல் கணக்கின் விடை உண்மை எடையிலிருந்து பத்து, பதினொரு கிலோ வரை இருபுறமும் விலகக்கூடும். ஆகவே இங்கே கிடைக்கும் எண்ணைத் தராசு காட்டும் எண்ணுக்குச் சமமாக எண்ணக் கூடாது.

பெருக்கும் எண்களைக் கவனித்தால் எந்த அளவில் மிகுந்த கவனம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெண்ணுக்கான முதல் கணக்கில் முழங்கால் உயரம் ஒரு சென்டிமீட்டர் தவறினால் எடை ஒரு கிலோ அளவுக்குத்தான் மாறுகிறது. மேற்கைச் சுற்றளவு அதே ஒரு சென்டிமீட்டர் தவறினாலோ இரண்டே முக்கால் கிலோ, ஆணுக்கு மூன்று கிலோவுக்கும் மேல் மாறிவிடுகிறது. முழங்கால் உயரத்துக்குப் பலகைகளைப் பொருத்துவதில் நேரத்தைச் செலவிட்டுவிட்டு, கையை மட்டும் ரவிக்கைக்கு மேலேயே டேப்பைச் சுற்றி அளந்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கவனம் செல்ல வேண்டிய வரிசை அதற்கு நேர்மாறானது.

அளக்கும் டேப்

திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் தையல்காரரின் இன்ச் டேப் இல்லாத வீடு குறைவு, அதுவே போதும். ஆனால் பல ஆண்டுகள் தையல் மேசையில் உழைத்த டேப் இழுபட்டு நீண்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் முப்பது சென்டிமீட்டர் அடிக்கோலின் மேல் அதை விரித்துப் பார்த்து, கோடுகள் ஒத்துப்போகின்றனவா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் புதிது வாங்கிவிடுவதே நல்லது. டேப்பின் ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர் என்பதால், தையல் பழகிய கைகள் தாமாகவே இன்ச் பக்கத்தைத்தான் படிக்கும். இன்ச்சில் படித்து 2.54ஆல் பெருக்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் கால் இன்ச் என்று தோராயமாகப் படித்தாலே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போகிறது. மேற்கையில் அது ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகம். சென்டிமீட்டர் பக்கத்தில் மில்லிமீட்டர் வரை படித்து எழுத வேண்டும்.

மேற்கைச் சுற்றளவு

பக்கவாதம் வந்தவராயின் செயலிழக்காத கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலிழந்த கையில் தசை கரைந்திருக்கலாம், அல்லது தொங்கிக் கிடந்து நீர் கோத்திருக்கலாம்; எப்படி இருந்தாலும் அது உடலின் மற்ற பகுதிக்குச் சான்றாகாது. டிரிப் ஏறும் கையையும், டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைப்புச் செய்த கையையும், மார்பக அறுவைக்குப் பின் வீங்கிய கையையும் விட்டுவிட வேண்டும்.

தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுவது முறை. பேச முடியாதவர்களுக்கும் காது கேட்கும். "ஆத்தா, கையைக் கொஞ்சம் மடக்கிக்கிறேனுங்க" என்று சொன்னாலே கை இறுக்கம் தளர்வதைப் பார்க்கலாம். பெண்களுக்கு ரவிக்கைக் கையைத் தோள் வரை விலக்க வேண்டியிருப்பதால் வீட்டுப் பெண்கள் எவரேனும் அளப்பது அவர்களுக்குக் கூச்சமில்லாமல் இருக்கும்.

முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, உள்ளங்கையை வயிற்றின்மேல் வைக்க வேண்டும். தோளின் பின்புற ஓரத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து, முழங்கையின் கூர்முனை வரை டேப்பால் அளந்து, சரிபாதியில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். நடுவைக் கண்ணால் குத்துமதிப்பாக எடுக்கக் கூடாது. மேற்கை தோள் பக்கம் பருத்தும் முழங்கைப் பக்கம் சிறுத்தும் இருப்பதால், புள்ளி இரண்டு விரற்கடை நகர்ந்தாலே சுற்றளவு மாறிவிடும்.

புள்ளி வைத்தபின் கையை உடலை ஒட்டி நீட்டி, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றைக் கொடுத்துக் கையை மெத்தையிலிருந்து சற்றே உயர்த்த வேண்டும். படுத்திருப்பவரை அளப்பதில் பலர் விட்டுவிடும் படி இதுதான். துண்டு வைக்காவிட்டால் மேற்கையின் தளர்ந்த சதை மெத்தையில் அழுந்திப் பரவுகிறது, டேப்பும் அடியில் சரியாக நுழையாது. பிறகு புள்ளியின் மேல் டேப்பைக் கைக்குக் குறுக்காகச் சுற்றி, தோலை எல்லாப் பக்கமும் தொடும்படியும் ஆனால் பள்ளம் விழாதபடியும் பிடித்துப் படிக்க வேண்டும். வயதானவர்களின் சதை மிக மென்மையானது. சிறிது இழுத்தாலும் அரை சென்டிமீட்டர் குறைந்துவிடும். டேப்பை முழுவதுமாக எடுத்துவிட்டு மறுபடி சுற்றி இரண்டாம் முறை அளக்க வேண்டும். இரண்டுக்கும் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் மூன்றாவதும் அளந்து, நெருங்கி வரும் இரண்டின் சராசரியைக் கொள்ளலாம்.

கெண்டைக்கால் சுற்றளவு

முழங்காலைச் செங்கோணத்தில் மடக்கிப் பாதத்தை மெத்தையில் ஊன்றி வைத்தால் கெண்டைச் சதை மெத்தையில் படாமல் தொங்கும். ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் டேப்பைத் தளர்வாகச் சுற்றி மேலும் கீழும் நகர்த்தி, மிகப் பருத்த இடத்தைக் கண்டு அங்கே படிக்க வேண்டும். இங்கே நடுப்புள்ளி தேவையில்லை.

அளப்பதற்கு முன், கணுக்காலுக்குச் சற்று மேலே முன்கால் எலும்பின்மேல் கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்திப் பார்க்க வேண்டும். எடுத்த பின்னும் குழி நின்றால் அங்கே நீர் கோத்திருக்கிறது என்று பொருள். அந்த வீக்கம் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தால் அந்தக் காலின் அளவு இரண்டாம் கணக்குக்கு உதவாது. நீரைச் சதையென்று கணக்கிட்டுவிடுவோம். இரண்டு கால்களும் வீங்கியிருந்தால் முதல் கணக்கை மட்டும் போட வேண்டும்.

முழங்கால் உயரம்

குதிகாலின் அடிப்பகுதியிலிருந்து தொடையின் மேற்பரப்பு வரை உள்ள நீளமே முழங்கால் உயரம். இதற்கென்றே சறுக்கும் அளவுகோல் ஒன்று உண்டு; அது இல்லாவிட்டால் இரண்டு தட்டையான பலகைகளும் டேப்பும் போதும். தச்சரிடம் மூலைமட்டம் இருந்தால் இன்னும் எளிது. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, முழங்காலும் கணுக்காலும் இரண்டுமே செங்கோணத்தில் இருக்கும்படி காலை மடக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு பலகையைக் குதிகாலுக்கு அடியிலும் மற்றொன்றைத் தொடையின்மேல், முழங்கால் சில்லைத் தாண்டிச் சற்று உள்ளே, முதற்பலகைக்கு இணையாகவும் வைத்து, வெளிக் கணுக்கால் முட்டு வழியாக முன்கால் எலும்புக்கு இணையாகச் செல்லும் கோட்டில் இரண்டுக்கும் இடையிலான நீளத்தை அளக்க வேண்டும்.

நெடுநாள் படுத்தவர்களுக்குப் பாதம் முன்னோக்கித் தொங்கிவிடுவதுண்டு. அத்தகையவருக்கு அடிப்பலகை முன்பாதத்தில் முட்டி நிற்கும், குதிகாலைத் தொடாது; அப்படியே அளந்தால் உயரம் கூடுதலாக வரும். பலகை குதிகாலில் பதிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பின் நீளம் வாதத்தால் மாறுவதில்லை என்பதால், நன்றாக மடங்கும் காலாக எதை வேண்டுமானாலும் அளக்கலாம். முழங்கால் செங்கோணத்துக்கு வராமல் விறைத்துப்போயிருந்தால் வலிக்க வலிக்க மடக்க வேண்டாம். முழங்கால் உயரத்தை விட்டுவிட்டு இரண்டாம் கணக்கோடு நின்றுவிடலாம். ஒருமுறை சரியாக எடுத்துவிட்டால் பிறகு இந்த அளவை மீண்டும் எடுக்கத் தேவையில்லை என்பது இதன் வசதி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

காங்கயத்துக்கு அருகே ஒரு தோட்டத்தில், இடப்பக்கம் செயலிழந்து பல மாதங்களாகப் படுத்திருக்கும் 74 வயதுப் பாட்டி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வலக்கையின் சுற்றளவு 22.5, வலக்கெண்டைக்கால் 27.0, முழங்கால் உயரம் 46.0 சென்டிமீட்டர், கால்களில் வீக்கமில்லை.

```
முதல் கணக்கு: (1.09 × 46.0) + (2.68 × 22.5) − 65.51
             = 50.14 + 60.30 − 65.51 = 44.9 கிலோ

இரண்டாம் கணக்கு: (1.63 × 22.5) + (1.43 × 27.0) − 37.46
                = 36.68 + 38.61 − 37.46 = 37.8 கிலோ
```

இரண்டுக்கும் ஏழு கிலோ இடைவெளி. இதைக் கண்டு எங்கோ அளவு தவறிவிட்டது என்று முடிவு செய்துவிட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் ஊன்றி நடக்காதவரின் கால் சதை, கைச் சதையைவிட வேகமாகக் கரைகிறது. நல்ல கை உணவு எடுக்கவும் கட்டில் சட்டத்தைப் பிடிக்கவும் நாள்தோறும் வேலை செய்கிறது. நல்ல காலுக்குக்கூட அந்த வேலை இல்லை. ஆகவே கெண்டைக்காலை நம்பும் கணக்கு எடையைக் குறைத்துச் சொல்கிறது. எலும்பின் நீளத்தை நம்பும் கணக்கோ, அந்த நீளத்துக்கு வழக்கமாக இருக்கக்கூடிய தசை இப்போதும் இருப்பதாக எண்ணிக் கூட்டிச் சொல்கிறது. உண்மை இடையில் எங்கோ இருக்க வாய்ப்பு மிகுதி. இதற்கு மாறாக இரண்டாம் கணக்கின் விடை முதலாவதைவிடப் பெரிதாக வந்தால், கால் வீக்கத்தை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விடை பொருந்துகிறதா என்று பார்க்க மற்றொரு வழியும் உண்டு. முழங்கால் உயரத்திலிருந்தே பாட்டியின் உயரத்தைக் கணிக்கலாம்.

```
பெண்: உயரம் = 84.88 − (0.24 × வயது) + (1.83 × முழங்கால் உயரம்)
ஆண்: உயரம் = 64.19 − (0.04 × வயது) + (2.02 × முழங்கால் உயரம்)

84.88 − (0.24 × 74) + (1.83 × 46.0) = 151.3 செ.மீ.
```

எடையை, மீட்டரில் எழுதிய உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். இந்த உயரத்துக்கு 44.9 கிலோ என்றால் அது 19.6, 37.8 கிலோ என்றால் 16.5. மேற்கைச் சுற்றளவு 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடல் நிறை எண் 20க்குக் கீழே இருக்க வாய்ப்புண்டு என்பது, ஊட்டக் குறைவைக் கண்டறியப் பிரிட்டனில் வகுத்து உலகெங்கும் பயன்படுத்தப்படும் ஒரு விதி. பாட்டியின் கை 22.5தான் என்பதால் இரண்டு விடைகளுமே அதற்கு முரண்படவில்லை. எடை 55 என்று வந்திருந்தால் உடல் நிறை எண் 24 ஆகியிருக்கும். இவ்வளவு மெலிந்த கைக்கு அது பொருந்தாது என்று உடனே தெரிந்திருக்கும்; அளவையும் கூட்டலையும் மறுபடி பார்த்திருப்போம்.

மருத்துவரிடம் என்ன சொல்வது? "நாற்பத்தொன்று" என்று ஒற்றை எண்ணைச் சொல்வதைவிட, "அளவுகளிலிருந்து மதிப்பிட்டது, 38 முதல் 45 கிலோவுக்குள்" என்று சொல்வது நேர்மையானது. அதனால் இடைஞ்சலும் இல்லை. உணவைப் பொறுத்தவரை, கிலோவுக்கு 25 கலோரி என்று வைத்தால் 38 கிலோவுக்கு 950, 45 கிலோவுக்கு 1,125 கலோரி ஆகிறது. வேறுபாடு ஒரு டம்ளர் பால் கஞ்சி அளவுதான். மருந்து விஷயம் வேறு. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்குப் பாராசிட்டமாலின் அளவையே குறைக்க வேண்டும் என்பதால், பாட்டி நடமாடிய காலத்து எடை 55 கிலோ என்று வைத்து, அதையே சொல்லியிருந்தால் தவறான பக்கத்தில் நின்றிருப்போம். சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்துகளுக்கும் எடை கணக்கில் வருகிறது. இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி, புற்றுநோய் மருந்து போன்ற, எடைக்கேற்ப நுட்பமாக அளந்து கொடுக்க வேண்டியவற்றுக்கு இந்த மதிப்பீட்டைக் கொண்டு அளவைத் தீர்மானிக்கக் கூடாது. அவற்றுக்குத் தராசில் பார்த்த எடைதான் வேண்டும்.

கணக்குக்குத் தெரியாதவை

மூன்று அளவுகளும் கை கால்களிலிருந்தே வருகின்றன. வயிற்றைப் பற்றி இந்தக் கணக்குகளுக்கு எதுவும் தெரியாது. கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் சேர்ந்தவருக்கு உண்மை எடை விடையைவிடப் பல கிலோ கூடுதலாக இருக்கும். நோயற்றவர்களிலும் நம் பக்கத்தில் கை கால் மெலிந்து வயிறு மட்டும் பருத்த உடல்வாகு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம், சாதாரணம். அவர்களுக்கும் விடை குறைவாகவே வரும். அத்தகையவரை அளக்கும்போது விடைக்குப் பக்கத்தில் "வயிறு பெரிது" என்றும் எழுதிவைத்தால் மருத்துவர் புரிந்துகொள்வார்.

சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தால், மற்றக் காலில் அளந்து முழு உடலுக்கான எடையைக் கண்டு, அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கைக் கழிக்க வேண்டும். கால் முழுவதையும் எடுத்திருந்தால் 16 பங்கு.

தராசு கிடைத்தால்

தாங்கிப் பிடித்தாவது வீல்சேரில் உட்கார முடிகிற நோயாளிக்கு, ஒரே ஒருமுறை உண்மையான எடையைப் பார்த்துவிடுவது இந்தக் கணக்கின் குறையை வெகுவாகத் தீர்க்கும். காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்துக் கொப்பரைக் களங்களில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கும். அதில் வீல்சேரோடு நிறுத்து, பிறகு காலி வீல்சேரையும், கூட இருந்த தலையணை, போர்வை, சிறுநீர்ப் பை ஆகியவற்றையும் சேர்த்து நிறுத்துக் கழித்தால் போதும். தூக்கிக்கொண்டு நின்று எடை பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இருவரும் விழ நேரிடும்.

பாட்டிக்கு இவ்வாறு 41.8 கிலோ வந்ததாக வைத்துக்கொண்டால், முதல் கணக்கு இவருக்கு 3.1 கிலோ கூட்டிச் சொல்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. இனி ஒவ்வொரு முறையும் கையை மட்டும் அளந்து முதல் கணக்கைப் போட்டு 3.1ஐக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் கழித்துக் கை 21.5 ஆகக் குறைந்திருந்தால் கணக்கு 42.3 என்று காட்டும், 3.1 போக 39.2 கிலோ. கை சுருங்கிய விகிதத்திலேயே எடையையும் குறைத்துப் பார்த்தால், அதாவது 41.8ஐ 21.5ஆல் பெருக்கி 22.5ஆல் வகுத்தால், 39.9 கிலோ வருகிறது. இரண்டும் ஒட்டி வருவதால் ஏறத்தாழ இரண்டு கிலோவாவது இறங்கியிருக்கிறார் என்று கொள்ளலாம். அது உடல் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு. உணவின் அளவையும் விழுங்கும் திறனையும் மருத்துவரிடம் காட்டிப் பரிசீலிக்க வேண்டிய இறக்கம் அது.

இந்தத் தொடர் கணக்கு சரியாக வர, ஒவ்வொரு முறையும் ஒருவரே, அதே டேப்பால், அதே கையில் அளப்பது நல்லது. ஆள் மாறினாலே அரை சென்டிமீட்டர் மாறக்கூடும் என்பதால் அதற்குக் குறைந்த ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம். மாதம் ஒருமுறைக்கு மேல் அளப்பதிலும் பயனில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் கேட்கும்போது காட்ட வசதியாக, தேதி, எந்தப் பக்கத்துக் கை, மூன்று அளவுகள், காலில் குழி விழுந்ததா இல்லையா, இரண்டு கணக்குகளின் விடைகள் ஆகியவற்றை மருந்துச் சீட்டுகள் இருக்கும் நோட்டிலேயே ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டும். விடைகளுக்கு முன்னால் "மதிப்பீடு" என்ற சொல்லையும் மறவாமல் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மருத்துவமனையில் அந்த எண்ணைத் தராசில் பார்த்த எடையாகவே பதிவு செய்துவிடுவார்கள்.